மூன்று ஊசியோடு முடிகிற வைத்தியமா இது?

"மூண்டு ஊசி போடுவம் ஐயா. மாதம் ஒண்டு."

எங்கள் குழுவில் இருக்கும் ஒருத்தியின் சித்தப்பாவுக்குக் கண் கிளினிக்கில் சொல்லப்பட்டது இவ்வளவுதான். அவர் அதைச் சரியாகத்தான் கேட்டுக்கொண்டார். மூன்று மாதமும் போய் மூன்று ஊசியும் போட்டார். பார்வையும் கூடியது. நாலாவது மாதம் அவர் போகவில்லை. ஏன் போக வேணும்? மூண்டு எண்டுதானே சொன்னவை.

இன்றைக்கு அவருடைய வலது கண்ணால் முகங்களை அடையாளம் காண முடியாது. இடது கண்ணும் அந்த மூன்று ஊசிக்குப் பிறகு இருந்த நிலைக்குத் திரும்பவில்லை. மருந்து வேலை செய்யாமல் இப்படி ஆனதென்றால் நாங்கள் இதை எழுதியிருக்க மாட்டோம். மருந்து நன்றாகவே வேலை செய்தது. இது வருடக் கணக்கில் திரும்பித் திரும்பி வரவேண்டிய வைத்தியம் என்பதைத்தான் அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரால் அப்படி வர முடியுமா என்று கேட்கவும் இல்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அவருடைய வலது கண்ணுக்கு வேறொரு வைத்தியம் முதலிலேயே நடந்திருக்கலாம்.

எங்களில் பலருடைய வீட்டில் சீனி வருத்தம் இருக்கிறது. அப்பாவையோ அம்மம்மாவையோ கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்களும் நாங்கள்தான். ஆகவே அந்தக் கேள்வியை நாங்களாவது கேட்கப் பழக வேண்டும் என்பது எங்கள் கருத்து.

கண்ணுக்குள் நடப்பது

சித்தப்பாவுக்கு 56 வயது. வன்னியில் நெல் விதைக்கிறவர். சலரோகம் வந்து 14 வருடம். குளிசை ஒழுங்காகக் குடிப்பார். ஆனால் அந்த 14 வருடத்தில் ஒருமுறைகூட விழித்திரையைச் சோதிக்கவில்லை. "எனக்குக் கண் வடிவாத் தெரியுது, பிறகென்னத்துக்கு?" என்பார். இந்த வருத்தத்தின் கள்ளத்தனமே அதுதான். விழித்திரை கெடத் தொடங்கி நெடுநாள் வரைக்கும் பார்வை நன்றாகவே இருக்கும்.

அவருக்கு முதலில் தெரிந்தது ஒரு கோணல். கணக்குக் கொப்பியின் நேர்கோடு நடுவில் வளைந்து தெரிந்தது. எழுத்தின் நடுப்பகுதி அழிரப்பர் போட்டு அழித்தமாதிரி மங்கலாக இருந்தது. கண்ணாடிதான் பிழை என்று நினைத்து இரண்டு தரம் கண்ணாடி மாற்றினார். ஆறு மாதம் அதிலேயே போய்விட்டது.

விழித்திரையின் நடுவில் ஐந்து மில்லிமீற்றர் அளவில் ஓர் இடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மஞ்சள் புள்ளி என்று படித்திருப்போம். டொக்டர்மார் மக்கியுலா என்பார்கள். வாசிப்பதும், ஊசியில் நூல் கோர்ப்பதும், எதிரில் வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதும் அந்த இடத்தால்தான். பல வருடம் சீனி கூடி நிற்கும்போது விழித்திரையின் நுண்ணிய குழாய்களின் சுவர் பலவீனமாகும். சில குழாய்கள் கசியும். சில அடைபட்டுப் போகும். கசிந்த நீர் மக்கியுலாவில் தேங்கினால் அது வீங்கும். இதுதான் மக்கியுலா வீக்கம். சித்தப்பாவின் இடது கண்ணில் நடந்தது இது.

அடைபட்ட குழாய்களால் வருவது வேறு கதை. இரத்தம் கிடைக்காத விழித்திரை ஒட்சிசன் கேட்டு ஓர் இரசாயனத்தைச் சுரக்கும். அதை 'விஈஜிஎஃப்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். புதுக் குழாய் வளரச் சொல்லும் கட்டளை அது. அந்தக் கட்டளைக்கு வளர்கிற குழாய்கள் நல்ல குழாய்கள் அல்ல. லேசில் உடையும். கண்ணின் உள்ளே இருக்கும் கூழுக்குள் இரத்தம் கொட்டும். பிறகு தழும்பாக மாறி விழித்திரையையே இழுத்துக் கழற்றும். வருத்தம் முற்றிய நிலை என்பது இதுதான். சித்தப்பாவின் வலது கண்ணில் இந்தப் புதுக் குழாய்கள் வளர்ந்திருந்தன. ஆனால் அந்தக் கண்ணில்தான் அவருக்குப் பார்வை நல்லாய் இருந்தது.

இதை நன்றாக மனதில் வைத்திருங்கள். மங்கலாகத் தெரிந்த இடது கண்ணைவிட, தெளிவாகத் தெரிந்த வலது கண்தான் பெரிய ஆபத்தில் இருந்தது. அவருடைய கவலை முழுவதும் இடது கண்ணிலேயே இருந்தது. கூடப்போன ஆக்களுக்கும் அப்படித்தான்.

ஊசி நாள்

ஊசி மருந்தின் வேலை அந்தக் கட்டளையை மறிப்பது. விஈஜிஎஃப் மறிக்கப்பட்டால் கசிவு குறையும், புதுக் குழாய்கள் வாடும். பெவசிசுமாப், ரனிபிசுமாப், அஃப்லிபர்செப்ட் என்று சில மருந்துகள் இருக்கின்றன. பெவசிசுமாப் முதலில் குடல் புற்றுநோய்க்கென்று வந்த மருந்து. கண்ணுக்குப் போடுவது 0.05 மில்லிலீற்றர் மட்டுமே, ஒரு துளி அளவு. புற்றுநோய்க்கென்று வருகிற ஒரு குப்பியிலிருந்து பல பேருக்கான ஊசிகளை எடுக்கலாம். அதனால்தான் அது மலிவு. அதனால்தான் பல இடங்களில் ஒரே நாளில் எல்லாரையும் கூப்பிட்டு ஊசி போடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2013இல் இதைக் கண்ணுக்கான அத்தியாவசிய மருந்துகளில் சேர்த்தது. "கான்சர் மருந்தைக் கண்ணுக்க போடுறாங்களாம்" என்று பஸ்ஸில் யாராவது பயப்படுத்தினால் இதைச் சொல்லுங்கள்.

விலை கூடின மருந்துதான் நல்ல மருந்தா என்ற கேள்விக்கும் ஓரளவு விடை இருக்கிறது. அமெரிக்காவில் இந்த மூன்று மருந்துகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2015இல் வந்தது. மக்கியுலா வீக்கம் இருந்தும் பார்வை பெரிதாகக் குறையாதவர்களுக்கு மூன்றும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. பார்வை ஏற்கெனவே நன்றாகக் குறைந்தவர்களுக்கு முதல் வருடத்தில் அஃப்லிபர்செப்ட் கூடுதலான பலனைத் தந்தது. ஆனால் எங்களுக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப் பட்டது வேறொரு கணக்கு. எந்த மருந்தாக இருந்தாலும் முதல் வருடத்தில் 9 அல்லது 10 ஊசி தேவைப்பட்டது. இரண்டாம் வருடத்தில் ஏறக்குறைய அதில் பாதி. மூன்று அல்ல.

சித்தப்பாவின் முதல் ஊசி நாளில் நடந்ததைச் சொல்கிறோம். காலமை ஐந்து மணி பஸ். ஒபரேசன் என்று நினைத்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. சீனிக் குளிசையை மட்டும் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வாங்கில் இருக்கும்போது பத்தரை மணிக்கு வியர்த்துக் கை நடுங்கத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த ஓர் அம்மா இனிப்பு ஒன்றை வாயில் வைத்ததால் சமாளித்தார். இந்த ஊசிக்கு வழமையாகப் பட்டினி கிடக்கத் தேவையில்லை. சாப்பிட்டு, வழமையான மருந்தையும் எடுத்துக்கொண்டு போகலாம். இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூடத் தேவைப்படாது.

உள்ளே எடுத்த பிறகு விறைக்கிற துளி விட்டார்கள். பிறகு கபில நிறத்தில் அயோடின் துளி விட்டார்கள். கண் மூடாமலிருக்க இமைகளுக்கிடையில் சின்னக் கம்பி ஒன்றை வைத்தார்கள். "மேல பாருங்கோ" என்று சொல்லி, கறுவிழியின் ஓரத்திலிருந்து மூன்றரை, நாலு மில்லிமீற்றர் தள்ளி வெள்ளைப் பகுதியில் ஊசி இறங்கியது. மயிர் போல மெல்லிய ஊசி. எண்ணிப் பார்த்தால் சில விநாடிதான்.

"நோ எண்டு பெரிசா இல்லைப் பிள்ளை. யாரோ விரலால அமத்தினமாதிரி. ஆனா அதுக்கு முதல் இருந்த பயம் இருக்கே, அதுதான் ஊசி" என்றார்.

அன்று இரவுதான் அவருக்குக் கரைச்சல். கண்ணுக்குள் மண் விழுந்தமாதிரி அரித்தது. அது பெரும்பாலும் அயோடினால் வருவது, விடியத் தணிந்துவிடும். கறுப்பு உருண்டைகள் மிதந்தன. மருந்தோடு போன காற்றுக் குமிழிகள் அவை, ஓரிரு நாளில் மறைந்துவிடும். ஊசி போட்ட இடத்தில் வெள்ளை விழி இரத்தச் சிவப்பாய் இருந்தது. நோ இல்லாத அந்தச் சிவப்பு ஒன்றிரண்டு கிழமையில் தானாக மாறும். இவை மூன்றுக்கும் பயப்படத் தேவையில்லை.

பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. ஊசியோடு கிருமி உள்ளே போவது. சில ஆயிரம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில் மிக அரிதாக நடப்பது, ஆனால் கண்ணையே பறிக்கக்கூடியது. வழமையாக இரண்டாம் நாளிலிருந்து ஒரு கிழமைக்குள் தெரியும். நோ குறையாமல் கூடிக்கொண்டே போகும், வெளிச்சம் கூசும், பார்வை மணிக்கு மணி மங்கும். அப்போது கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்கக் கூடாது. இரவோ ஞாயிற்றுக்கிழமையோ, அன்றைக்கே கொண்டு போக வேண்டும். சில நாளைக்குக் கிணற்றுத் தண்ணி கண்ணில் படாமல் குளிக்கச் சொல்வதும், கண்ணைக் கசக்க வேண்டாம் என்பதும் இதற்காகத்தான்.

அவர் திரும்பிப் போகாத மாதம்

மூன்றாவது ஊசிக்குப் பிறகு சித்தப்பாவின் இடது கண் 6/24 என்ற நிலையிலிருந்து 6/12க்கு வந்தது. மற்றவர் 24 மீற்றரில் வாசிப்பதை அவர் ஆறு மீற்றரில்தான் வாசித்தார், இப்போது 12 மீற்றர் எழுத்தை வாசித்தார். ஸ்கானில் 480 மைக்கிரோனாக இருந்த தடிப்பு 320க்கு இறங்கியது. வலது கண்ணுக்கும் ஊசி போட்டதால் அங்கிருந்த புதுக் குழாய்களும் வாடிவிட்டன. "நல்லா இருக்கு, அடுத்த மாதம் வாங்கோ, பாப்பம்" என்றார்கள். கிளினிக் கொப்பியில் ஒரு திகதி இருந்தது. திகதிக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அந்தத் திகதி அறுவடைக் கிழமையில் விழுந்தது. மெசின் வருகிற நாளை அவரால் மாற்ற முடியாது. கண்ணும் தெரிகிறது. ஊசியும் மூன்று முடிந்தது. "நல்லா இருக்கு" என்று டொக்டரே சொல்லியிருக்கிறார். இப்படி இருக்க யார்தான் போவார்கள்?

இந்த மருந்து ஏறத்தாழ ஒரு மாதத்துக்குத்தான் நின்று பிடிக்கும். கட்டளையை மறிக்கிறதே தவிர, கட்டளை போடும் காரணத்தை அது தொடுவதில்லை. குழாய் அடைபட்ட விழித்திரை ஒட்சிசனைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கும். மருந்து கரைந்ததும் விஈஜிஎஃப் திரும்ப எழும். சித்தப்பாவின் இரண்டு கண்ணிலும் அதுதான் நடந்தது, அவருக்குத் தெரியாமலே.

ஏழாவது மாதம் ஒரு காலமை வலது கண்ணில் கறுப்பு நூல்கள் மிதந்தன. மத்தியானம் புகைக்கரி கொட்டினமாதிரி ஆனது. பின்னேரம் கறுஞ்சிவப்புத் திரை. நோ இல்லை. நோ இல்லாதபடியால் இன்னும் மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

லேசரைப் பழசு என்று தள்ள முடியாது

ஊசிக்கு முதலே லேசர் வந்துவிட்டது. முற்றிய விழித்திரை நோய்க்கு லேசர் பிடித்தால் கடும் பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறையும் என்பது 1970களிலேயே அமெரிக்க ஆய்வொன்றில் தெளிவாகிவிட்டது. இப்போது ஊசி வந்ததால் லேசரைப் பழைய வைத்தியமாகப் பார்க்கிறார்கள். லேசர் என்றால் கண் போய்விடும் என்று ஊரில் ஒரு கதையும் உண்டு.

லேசரில் நடப்பதைச் சித்தப்பா பிறகு அனுபவத்தில் சொன்னார். நாடியை ஒரு தட்டில் வைத்து இருக்கச் சொல்வார்கள். கண்ணில் பசை தடவின கண்ணாடி வில்லை ஒன்றை வைப்பார்கள். பிறகு பச்சை மின்னல், நூற்றுக்கணக்கில். சில இடங்களில் ஒன்றும் தெரியாது. சில இடங்களில் கண்ணின் பின்னால் சூடான குண்டூசி குத்துகிறமாதிரி இருக்கும். ஒரு கண்ணுக்கு மொத்தம் 1200 முதல் 1600 வரை பொட்டுகள் என்பது வழமையான கணக்கு. அதை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துப் போடுவார்கள். முடிந்து எழும்பும்போது கொஞ்ச நேரம் எல்லாம் இருட்டாக இருக்கும்.

அந்தப் பொட்டு ஒவ்வொன்றும் விழித்திரையின் ஓரப் பகுதியில் ஒரு சூட்டுக் காயம். நல்ல கண்ணைச் சுடுவதா என்று கேட்கத் தோன்றும். சித்தப்பாவுக்கு இது விளங்கியது வயல் கணக்கில்தான். "சிறுபோகத்தில குளத்துத் தண்ணி காணாட்டி எல்லாக் காணியும் விதைக்க விடமாட்டினமல்லோ. ஒரு பங்கை விட்டாத்தான் மிச்சம் பிழைக்கும். அதுதானே இது?" என்று கேட்டார். அதுதான். ஒட்சிசன் கிடைக்காத ஓர விழித்திரையில் ஒரு பங்கைச் சுட்டுவிட்டால், கேட்கிற வாய் குறையும். கட்டளை குறையும். மக்கியுலா பிழைக்கும்.

விடப்பட்ட காணிக்கு விலையும் உண்டு. பக்கப் பார்வை கொஞ்சம் குறையும். வெயிலிலிருந்து வீட்டுக்குள் வந்தால் கண் பழக நேரமெடுக்கும். இரவில் மோட்டார்சைக்கிள் ஓடுவது கஷ்டமாகும். மக்கியுலா வீக்கம் இருக்கும் கண்ணில் லேசருக்குப் பிறகு அது கூடவும் செய்யலாம், அதனால் பெரும்பாலும் ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். ஊசியில் இந்தக் குறைகள் இல்லை. 2015இல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வு, முற்றிய நிலையில் ஊசி மட்டுமே போட்டவர்களின் பார்வை இரண்டு வருடத்தில் லேசருக்குக் குறையாமல் இருந்தது என்று காட்டியது. ஆகவே ஊசியே போதும் என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பி வரவழைக்கப்பட்டவர்கள். வராமல் விட்டால்? 2019இல் ஃபிலடெல்பியாவிலிருந்து வந்த ஒரு சிறிய ஆய்வு இதைத்தான் பார்த்தது. வைத்தியத்துக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு மேல் காணாமல் போய், பிறகு திரும்பி வந்தவர்களின் 76 கண்கள். லேசர் பிடித்த கண்களைவிட ஊசி மட்டும் போட்ட கண்கள் மோசமான நிலையில் திரும்பி வந்தன. விழித்திரை இழுபட்டுக் கழன்றதும் அவற்றில்தான் கூட. ஊசியின் பாதுகாப்பு ஆள் வந்துகொண்டிருக்கும் வரைக்கும்தான். ஆள் வராமல் விட்டாலும் லேசர் பெரும்பாலும் நின்று காக்கும்.

அப்படியென்றால் ஊசியா லேசரா என்பதை ஸ்கானை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. காலமை ஐந்து மணி பஸ்ஸையும், அறுவடை மாதத்தையும், கூடவருவதற்கு ஆளிருக்கா என்பதையும் பார்க்க வேண்டும். டவுனில் இருக்கும், மகள் கூட்டிவரும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு ஊசி பொருத்தமாக இருக்கலாம். வன்னியிலிருந்து தனியாக வரும் கமக்காரருக்கு முதல் மாதங்களிலேயே வலது கண்ணுக்கு லேசரையும் முடித்திருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வாதம். "லேசர் பிறகு பாப்பம்" என்று ஒருதரம் சொன்னதாகச் சித்தப்பாவுக்கு ஞாபகம். எந்தப் பிறகு என்று அவருக்கும் தெரியாது, கொப்பியிலும் இல்லை.

என்ன கேட்கலாம்

இரத்தம் கொட்டின வலது கண்ணைக் கொஞ்ச நாள் விட்டுப் பார்த்தார்கள். சிலருக்குத் தானாக வடியும். தலையை உயர்த்திப் படுக்கச் சொன்னார்கள். இரண்டு மாதத்திலும் வடியவில்லை. கண்ணுக்குள் பார்க்க முடியாதபடியால் மேலிருந்து ஒலி அலையால் ஸ்கான் செய்தார்கள். விழித்திரை இழுபடத் தொடங்கியிருந்தது. கொழும்பில் ஒபரேசன். கண்ணுக்குள் இருந்த கூழையும் இரத்தத்தையும் எடுத்து, தழும்பை உரித்து, விழித்திரையை அமத்தி வைக்க சிலிக்கோன் எண்ணெய் நிரப்பினார்கள். பல நாள் முகம் குப்புறக் கிடந்தார். அந்த எண்ணெயை எடுக்கச் சில மாதத்தில் இன்னோர் ஒபரேசன். முடிவில் அந்தக் கண் 6/60. விழித்திரை ஒட்டியிருக்கிறது, ஆனால் இழந்த பார்வை வரவில்லை.

இதற்குள் இடது கண்ணும் வீங்கி 6/36க்குப் போயிருந்தது. திரும்ப ஊசி தொடங்கி 6/18 வரை வந்தது. முதல் இருந்த 6/12 இல்லை. நெடுநாள் வீங்கிக் கிடந்த மக்கியுலாவில் பார்க்கும் கலங்கள் சாகும். பிறகு நீரை வற்றவைத்தாலும் அவை திரும்பி வரா. ஸ்கான் நல்லாய் இருந்தும் பார்வை ஏறாததற்கு இதுதான் காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

ஒரு மறுப்பை நாங்கள் எதிர்பார்க்கிறோம். ஒரு கிளினிக் நாளில் எத்தனை பேர் வருகிறார்கள், டொக்டருக்கு விளங்கப்படுத்த நேரம் எங்கே என்று கேட்பார்கள். உண்மைதான், அந்த வரிசையில் நாங்களும் நின்றிருக்கிறோம். ஆனால் இதற்கு டொக்டரின் நேரம் தேவையில்லை. தமிழில் ஒரு பக்கத் துண்டு போதும். கண்ணில் துளி விட்டுக் கறுவிழி விரியும்வரை ஆக்கள் அரைமணித்தியாலம் சும்மா இருக்கும் வாங்கில் ஒரு தாதி பேசினால் போதும்.

இன்னொரு மறுப்பும் உண்டு. ஒன்பது பத்து ஊசி என்று முதலிலேயே சொன்னால் சனம் பயந்து ஓடிவிடும் என்பது. சித்தப்பா ஓடினது சொல்லாதபடியால்தான். அதோடு ஊசியின் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் குறையும் என்பதையும் சேர்த்தல்லவா சொல்ல வேணும். முதல் வருடம்தான் கடினம் என்று தெரிந்தால் அந்த வருடத்தை எப்படியாவது கடக்க ஒரு வழி பார்ப்பார்கள். ஊர்ச் சனம் சீட்டுக் கட்டிப் பழகின சனம். முடிவு தெரிந்த கணக்கென்றால் இழுத்துப் பிடிக்கும்.

துண்டு வரும்வரை, கூடப்போகிற நாங்கள் மூன்று விஷயத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வரலாம். முதலாவது, இரண்டு கண்ணிலும் என்ன இருக்கிறது, வீக்கமா, புதுக் குழாயா, இரண்டுமா. நல்லாய்த் தெரிகிற கண்ணைப் பற்றியும் கேளுங்கள். இரண்டாவது, இந்த வைத்தியத்தின் நோக்கம் பார்வையைக் கூட்டுவதா, இருப்பதைக் காப்பதா. காப்பதென்றால், பார்வை ஏறவில்லை என்று மனம் உடைந்து நிற்பாட்ட மாட்டோம். மூன்றாவது, ஒரு தவணை தவறினால் என்ன ஆகும், எங்களால் வர முடியாத மாதங்கள் இவை, அதற்கு லேசர் பொருந்துமா. இதை டொக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவல்ல. வர முடியாத மாதம் எது என்று எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் மறைக்கக் கூடாது. அண்மையில் மாரடைப்போ பாரிசவாதமோ வந்திருந்தால் ஊசிக்கு முதலே டொக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டுமா என்று அவர்தான் தீர்மானிப்பார்.

சித்தப்பாவின் இடது கண்ணுக்கு இப்போது லேசர் முடிந்துவிட்டது. அங்கே புதுக் குழாய் தொடங்கும் அறிகுறி தெரிந்ததும், "இவர் தூரத்தில இருந்து வாறவர், காத்திருக்க வேண்டாம்" என்று இந்த முறை ஒரு டொக்டரே முடிவெடுத்தார். ஊசி ஆறு கிழமைக்கு ஒன்றாகத் தொடர்கிறது. கிளினிக் கொப்பியின் அட்டையில் எங்கள் தோழி பெரிய எழுத்தில் ஒரு கோடு எழுதி ஒட்டியிருக்கிறாள்: "தெரிஞ்சாலும் போகவேணும்." போன தவணை திரும்பவும் அறுவடைக் கிழமையில்தான் விழுந்தது. மெசின்காரனிடம் போய் ஒரு நாள் தள்ளிக் கேட்டிருக்கிறார். அவன் சம்மதித்தானாம்.

"முதலே கேட்டிருக்கலாம் பிள்ளை" என்றார். "ஆனா ஏன் கேக்கவேணும் எண்டு அப்ப தெரியேல்லையே."